பரிந்துரைக் கடிதத்தில் ஒரு பத்தி

மரக்காணம் அரசு மருத்துவமனையில் புதன்கிழமை தோறும் மனநலப் பிரிவு நடக்கும். விழுப்புரத்திலிருந்து மருத்துவராக நான்தான் போவேன். ஊசி போடும் அறைக்குப் பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் கடற்கரைச் சாலையின் லாரிச் சத்தம் வரும், மூடினால் மின்விசிறி போதாது. திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் உரக்கப் பேசுவோம். மனநோய் பற்றி உரக்கப் பேசுவது நல்லதல்ல என்று தெரியும். அதனால் முக்கியமானதைக் கேட்கும்போது மட்டும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். என்னிடம் தொடர்ந்து வருகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. நான் எழுந்தாலே அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த அறைக்கு ஒன்றரை வருடமாக ஒரு இளம் பெண் மருத்துவர் வந்துகொண்டிருந்தார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை. எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் மனநல மருத்துவத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு பிரிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அமெரிக்கத் தேர்வுகளை எழுதித் தேறியிருந்தார். அங்கே மனநல மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதன்கிழமைகளில் தன் வேலையை மதியத்துக்குள் முடித்துக்கொண்டு என் அறைக்கு வந்து உட்காருவார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை, வந்ததற்கு எதுவும் கொடுக்கவுமில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், நோயாளிகள் போன பிறகு, ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

"சார், லெட்டர் கேட்டிருந்தேன்ல. டிராஃப்ட் எழுதிட்டு வந்துட்டேன். நீங்க பாத்து சைன் பண்ணா போதும்."

இது வழக்கம்தான். எனக்குத் தெரிந்த எல்லாக் கல்லூரிகளிலும், கடிதம் கேட்கிற ஆளே எழுதி எடுத்துப் போவான். பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். சிலர் படிப்பார்கள், சிலர் அதுவும் இல்லை. நானும் அப்படி எழுதி எடுத்துப் போயிருக்கிறேன். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்த முதல் பரிந்துரை, பத்தாம் வகுப்பு முடித்தபோது வாங்கிய நன்னடத்தைச் சான்றிதழ். அதில் அச்சடித்த கோட்டின் மேல் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் கதவை உடைத்தவனுக்கும் 'நன்று' என்றுதான் இருந்தது.

அவர் கொண்டுவந்த தாளைப் படித்தேன். 'என் இருபது ஆண்டு அனுபவத்தில் நான் கண்ட மிகச் சிறந்த இளம் மருத்துவர்' என்று தொடங்கியது.

"டாக்டர், எனக்கு என்ன வயசு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"அய்யோ சார். அது நெட்ல எடுத்த மாடல். மாத்த மறந்துட்டேன்."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் ட்ரவுசர் போட்டுட்டு உப்பளத்துல தண்ணி எடுத்துட்டுப் போயிட்டு இருந்தேன்."

சிரித்தோம். மற்றதையும் படித்தேன். கடும் உழைப்பாளி, கருணை மிக்கவர், கூட்டாகச் செயல்படக் கூடியவர். எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தத் தாளிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கையெழுத்துப் போட முடியாது, நானே எழுதுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். பயந்துவிட்டார் என்று தெரிந்தது. என்ன பயம் என்பதும் தெரிந்தது. அதற்கு மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

மே மாதம் உப்பளத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை முகாம் போட்டார்கள். உப்பு வாரும் வேலையை விட்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்பதால், ஆட்கள் சாப்பிட ஒதுங்கும் கொட்டகையிலேயே மேசை போட்டார்கள். வரிசையில் எல்லாரும் நின்றார்கள், மேஸ்திரி பக்கத்தில் நின்று பெயர் சொல்லி அனுப்பினார். இந்த டாக்டர்தான் பார்த்தார். நாற்பதைக் கடந்த ஒரு தொழிலாளிக்கு அழுத்தம் அதிகம் இருந்தது. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் இல்லை என்று சொன்னார்.

அந்தத் தொழிலாளி என் நோயாளி. பல வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார். அவருக்கு இருந்தது, மனநிலை தறிகெட்டு ஏறி, பின் அடியில் விழும் நோய். லித்தியம் அவரைச் சமநிலையில் வைத்திருந்தது. மாதாமாதம் மாத்திரை வாங்க அவர் மனைவிதான் வருவார் என்பதால் டாக்டர் அவரைப் பார்த்ததில்லை. மேஸ்திரியும் கூட வேலை செய்கிறவர்களும் காதை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எந்த மனிதன் சொல்வான்?

டாக்டர் முகாமில் எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னார்: உப்பைக் குறையுங்கள், கருவாடு, ஊறுகாய் வேண்டாம், மோரில் உப்புப் போடாதீர்கள். ஒரு பிரஷர் மாத்திரையும் எழுதினார். அந்த ஆள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். உப்பளத்தில் அவரைக் கிண்டலடித்திருக்கிறார்கள். "உப்புலயே நிக்கிற, உப்பு ஆகாதுன்றியே, கால் வழியா ஏறிடப் போவுதுடா, பூட்ஸ் போட்டுக்கோ" என்று. அவர் சிரித்துவிட்டு உப்பில்லாத மோரைக் குடித்திருக்கிறார்.

வெயிலில் வியர்வையோடு உப்பு வெளியே போகிறது, உள்ளே வருவதும் நின்றுவிட்டது. உடம்பில் உப்பு குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அவருக்குக் கொடுத்த அந்த வகைப் பிரஷர் மாத்திரையும் அதையேதான் செய்யும். இரண்டு வாரத்தில் கை நடுங்கியது, வாந்தி, பேதி. நாக்கு குழறியது. பாத்தி வரப்பில் தள்ளாடி நடந்தவரைப் பார்த்து மேஸ்திரி, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் குடிக்காதவர்.

மனைவி அவரை ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பணியில் இருந்தது இதே டாக்டர். பையை மேசையில் கொட்டியதும் லித்தியம் அட்டையும், தான் எழுதிய பிரஷர் மாத்திரை அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உடனே இரண்டையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, எனக்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தத்தில் பார்த்தபோது லித்தியம் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. டயாலிசிஸ் வரை போகவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வருட உப்புக் காலம் முடியும்வரை அவரால் வேலைக்குப் போக முடியவில்லை.

அன்று மாலையே வட்டார மருத்துவ அலுவலர் தன்னைக் கூப்பிட்டுப் பேசியதாக டாக்டரே என்னிடம் சொன்னார். "ஏம்மா, வெயில் அடிச்சுடுச்சுன்னு சொல்லு. நெஜமாவே வெயில்தானே. எதுக்கு வம்பு?" என்றாராம். கெட்ட மனிதரில்லை. காப்பாற்றத்தான் நினைத்தார்.

டாக்டர் மறுநாள் பேருந்து பிடித்துப் புதுச்சேரி போய், வார்டுக்கு வெளியே அந்த மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் எழுதுன மாத்திரையாலயும், உப்பு வேணாம்னு நான் சொன்னதாலயும்தான் இப்படி ஆச்சு" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்டிருக்கிறார்: "வேற மாத்திரை சாப்பிடுறாரான்னு நீங்க கேக்கலியா?"

"கேட்டேன். எல்லாரும் இருக்கும்போது கேட்டேன்."

நோயாளியின் சிகிச்சை அட்டையிலும் அப்படியே எழுதினார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். 'முகாமில் என்னால் தரப்பட்டது' என்ற சொற்கள் அதில் இருந்தன.

இப்போது கடிதம். முதலில் எழுதியது நன்றாக வந்தது, ஆனால் அதில் அவர் இல்லை. நான் அவரிடம் கண்ட நல்லதையெல்லாம் யோசித்தால் மறுபடி மறுபடி அந்த வார்டு வராந்தாவில்தான் போய் நின்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்ற இடத்தில் ஒருவர் தானே போய்ச் சொல்வதை என் வேலையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதை எழுத வேண்டுமென்றால் தப்பை எழுத வேண்டும். தப்பை எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும்.

என்னோடு படித்த ஒருவன் அமெரிக்காவில் மனநல மருத்துவனாக இருக்கிறான். பயிற்சிக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கிற குழுவில் உட்காருகிறவன். அவனிடம் கேட்டேன்.

"மச்சி, இங்க சும்மா 'நல்லவர்'னு எழுதுனா 'வேணாம்'னு அர்த்தம். 'மேற்பார்வை தேவை'ன்னு எழுதுன, முடிஞ்சுது, ஃபைலை மூடிடுவாங்க. ஆனா நம்ம ஊர்லேர்ந்து வர்றது எல்லாம் ஒரே லெட்டர் மாதிரியே இருக்கும்டா. பாதியில விட்டுடுவோம்."

அப்போ தப்பை எழுதலாமா என்று கேட்டேன். ஆபத்துதான், எழுதினால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் என்ன மாறியது என்று மூன்றையும் ஒரே பத்தியில் முடித்துவிடு, அந்தரத்தில் தொங்கவிடாதே என்றான். கடைசியில், சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு என்றான்.

கிளினிக் முடிந்து புதன் மாலைகளில் நான் அப்பா அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் விழுப்புரம் திரும்புவேன். அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் பொதுவாகச் சொன்னேன், ஒரு பெண்ணுக்கு வேலை சம்பந்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று.

"நல்ல பொண்ணா?"

"நல்ல பொண்ணு."

"அப்ப எழுதிக் குடுக்க வேண்டியதுதான். இதுக்கு எதுக்கு சோத்தைப் பெசஞ்சுட்டே இருக்க?"

அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் சொன்னார், அந்தக் காலத்தில் ஒரு ஆளை வேலைக்கு விடும்போது மேஸ்திரி முதலாளியிடம், "வேலை சுத்தமா இருக்கும். திங்கக்கிழமை மட்டும் எதிர்பாக்காதீங்க" என்பாராம். முதலாளி எடுத்துக்கொள்வாராம். அந்த ஆள் யார் என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்ததில் தெரிந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை டாக்டர் மடிக்கணினியோடு வந்தார். அமெரிக்க விண்ணப்ப இணையதளத்தில், கடிதம் எழுதுகிறவர் அதை நேரடியாக ஏற்றுவார். அதற்கு முன் விண்ணப்பிக்கிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேனா இல்லையா என்று. விட்டுக்கொடுக்காவிட்டால், இது ஆளுக்குத் தெரிந்து எழுதிய கடிதம் என்று அங்கே தெரிந்துவிடும். அதற்கு மதிப்புக் குறைவு. விட்டுக்கொடுத்தால் நான் என்ன எழுதினேன் என்று அவர் எப்போதும் பார்க்க முடியாது.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"டிக் பண்றதுக்கு முன்னாடி நான் என்ன எழுதப் போறேன்னு வாயால சொல்லிடறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வேணாம்னா வேற சார்கிட்ட வாங்கிக்கலாம். எனக்கு ஒண்ணும் கோவமில்லை."

சொன்னேன். ஆரம்பத்தில் நோயாளி பேசி முடிப்பதற்குள் ஆலோசனை சொல்லிவிடுவார், மௌனம் அவருக்குத் தாங்காது, இப்போது பாதி சரியாகிவிட்டது. மே மாதத்துக்குப் பிறகு சில வாரம் ஒவ்வொரு மாத்திரைக்கும் எனக்குப் போன் செய்தார், பிறகு அது குறைந்தது. அப்புறம் லித்தியம். பெயர், வயது, ஊர் எதுவும் இருக்காது, உப்பு மட்டும் இருக்கும், அது இல்லாவிட்டால் புரியாது. கடைசியில், என் துறையில் எனக்குப் பக்கத்தில் இவர் வேலை செய்வதை விரும்புவேன், தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன் என்று முடியும்.

அவர் மடிக்கணினியை மூடினார்.

"சார், மொத்தம் நாலு லெட்டர். மூணுல நான் தேவதை. உங்களுதுல மட்டும் ஒருத்தரை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சவ."

"ஆமா."

"அவங்களுக்கு ஆயிரம் அப்ளிகேஷன் வரும். தூக்கிப் போட காரணம்தான் தேடுவாங்க. அதை நீங்களே எழுதிக் குடுக்கறீங்க."

"இருக்கலாம்."

"எனக்கு இதான் கடைசி வருஷம் சார். ஆகலைன்னா வீட்ல விடமாட்டாங்க. எனக்கே தெம்பு இல்லை."

வெளியே மருந்து வாங்க வந்தவர்கள் யாரையோ வரிசையில் நுழைந்துவிட்டதாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முன்பெல்லாம் அவரால் அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியாது. பிறகு, அந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார்.

இவர் வாராவாரம் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்ததையும், அதனால் குடும்பத்தின் நம்பிக்கை மீண்டும் கிடைத்ததையும் எழுதியிருக்கிறேன் என்றேன். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

"அது இல்லை சார்" என்றார். "நம்பிக்கை வரலை. அந்தக்கா இன்னைக்கும் நான் குடுக்கிற மாத்திரையை நர்ஸம்மாகிட்ட காட்டிட்டுத்தான் எடுத்துட்டுப் போறாங்க. வீட்டுக்குப் போனா உக்காரச் சொல்வாங்க, தண்ணி குடுப்பாங்க, பேச மாட்டாங்க. நான் போறது நிறுத்தலை, அவ்ளோதான். மன்னிச்சுட்டாங்கன்னு எழுதிடாதீங்க."

"அதை எடுத்துட்டா இன்னும் மோசமா இருக்குமே?"

"இருக்கட்டும். நாளைக்கு இன்டர்வியூல கேட்டா நான் என்ன சொல்றது? மன்னிச்சுட்டாங்கன்னு அந்தக்கா பேர்ல பொய் சொல்லணுமா?"

இவ்வளவு பேசிய நானே கடிதத்தில் கொஞ்சம் சர்க்கரையைக் கலந்திருந்தேன். கடிதம் கசப்பாக இருந்ததால் எனக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

டாக்டர் கணினியைத் திறந்தார். பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற இடத்தில் டிக் செய்தார். கடிதத்தை ஏற்றச் சொல்லி எனக்கு வர வேண்டிய கோரிக்கையை அனுப்பினார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, இப்படி எழுதினேன்: குடும்பத்தின் நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாராவாரம் போகிறார். முகாம்களில் இப்போது நோயாளிகளை ஒவ்வொருவராகத் தள்ளி அழைத்துப் போய்த்தான் கேள்வி கேட்கிறார். கடிதத்தாளில் அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, இணையதளத்தில் ஏற்றினேன். அதன் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் நேர்காணல்கள் கணினி வழியாக நடந்தன. எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் அழைப்பு வந்தது. ஒரு இடத்தில் மட்டும் கிட்டத்தட்ட முழு நேரமும் லித்தியம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மருந்தைப் பற்றி இல்லை, அந்தக் கொட்டகையைப் பற்றி. மேசையை எங்கே போட்டீர்கள், யார் பக்கத்தில் நின்றார்கள், இப்போது போட்டால் எங்கே போடுவீர்கள் என்று. ஒரு வயதான பெண்மணி கடைசியில், அந்த மனைவி இப்போது உங்களிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டாராம். தண்ணீர் கொடுப்பார், பேசமாட்டார் என்று சொன்னதாக டாக்டர் என்னிடம் சொன்னார். அந்தப் பெண்மணி அதைக் குறித்துக்கொண்டாராம். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை என்றார்.

மார்ச்சில் முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது, லித்தியம் பற்றிக் கேட்ட அதே இடத்தில். அவர் விருப்ப வரிசையில் எழுதிக் கொடுத்த பட்டியலில் அது மேலே இருந்த இடமில்லை. பெரிய நகரமும் இல்லை, பனி அதிகம் என்றார்.

அந்த வாரம் புதன்கிழமை இனிப்பு கொண்டுவந்தார். நர்ஸம்மாவுக்கும், மருந்தாளுநருக்கும், பெருக்குகிற அக்காவுக்கும் கொடுத்துவிட்டு என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"சார், அந்தப் பத்தி இல்லாம இருந்திருந்தா இன்னும் நாலஞ்சு இடத்துல கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

"கூப்பிட்டிருக்கலாம்."

"ம்" என்றார்.

பிறகு இனிப்புப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. முதல் ஆளை அவரே போய்க் கூப்பிட்டார்.